ஷீட்டில் 38 ஏறி 38 இறங்கியிருக்கிறது, ஆனால் குழந்தை வண்டிக்குள்ளேயே இருந்தது. விதியை எப்படி எழுதுவது?

கரும்பலகை

எங்கள் பள்ளியில் ஏழு பேருந்துகள் ஓடுகின்றன. பெற்றோர் தரப்பில் நான் போக்குவரத்துக் குழுவில் இருக்கிறேன். போன வாரம் காலை வண்டியில் மழலை வகுப்புக் குழந்தை ஒன்று கடைசி வரிசையில் தூங்கிவிட்டது. எல்லோரும் இறங்கியாயிற்று என்று நினைத்து, கதவை மூடி, வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். சுமார் நாற்பது நிமிடம் கழித்து, பக்கத்து வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவருக்கு அழுகைச் சத்தம் கேட்டிருக்கிறது. மேகமூட்டமான காலை என்பதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ட்ரிப் ஷீட்டில் ஏறியது 38, இறங்கியது 38. கண்டக்டர் எண்ணினேன் என்கிறார். "கண்டக்டர் விசில் கொடுத்தார், நான் எடுத்தேன்" என்கிறார் டிரைவர். நிர்வாகம் இருவரையும் நிறுத்தி வைத்துவிட்டு, புதிதாக நடத்தை விதிகள் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கப் போகிறது. எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

இப்போதிருக்கும் தாளில் 22 விதிகள் உள்ளன. சீருடை, புகை, செல்போன், மரியாதையான பேச்சு, எல்லாம் இருக்கிறது. "மாணவர்கள் அனைவரும் இறங்கியதை உறுதி செய்ய வேண்டும்" என்றும் ஒரு வரி இருக்கிறது. எப்படி உறுதி செய்வது என்பது மட்டும் எங்கேயும் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜன்னலோரம்

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? இரண்டு பேரையும் வேலையை விட்டு அனுப்புங்கள். அப்புறம், உங்கள் வண்டிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் பக்கம் பள்ளி வண்டிகள் பறக்கின்றன. பெற்றோர் யாரும் கேட்பதில்லை.

கரும்பலகை

வேகம் தனிப் பிரச்சினை சார், அதற்கு வேறு இழை போடலாம். இந்த வண்டி நின்றுகொண்டிருந்தது. நின்ற வண்டியில்தான் ஆபத்தே.

பழைய ஸ்டியரிங்

இருபது வருடம் பள்ளி வண்டி ஓட்டினேன். இப்போது ஒரு பள்ளியில் போக்குவரத்து மேற்பார்வை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கண்டக்டரின் கடந்த ஒரு மாத ஷீட்டுகளை எடுத்துப் பாருங்கள். ஏறிய எண்ணும் இறங்கிய எண்ணும் எல்லா நாளும் ஒன்றாகவே இருக்கிறதா? ஒரு நாளாவது அடித்துத் திருத்திய தடம் உண்டா? நிஜமாகவே தலை எண்ணுகிறவனுக்கு வாரத்தில் ஒரு நாளாவது எண்ணிக்கை தவறும். 36 என்று எழுதி, மறுபடி எண்ணி, அடித்து 37 என்று போட்டிருப்பான். ஒரு மாதம் முழுக்க ஒரு கிறுக்கல்கூட இல்லாத ஷீட் என்றால், இறங்கியவர்களை எண்ணவில்லை, ஏறிய எண்ணைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். மேலதிகாரிகளுக்குச் சுத்தமான ஷீட் பிடிக்கும். எனக்கு அதைப் பார்த்தால்தான் பயம்.

இதை ஏமாற்று வேலை என்று மட்டும் நினைக்காதீர்கள். வாசலில் பிள்ளைகள் முண்டியடித்து இறங்கும்போது ஒரு பிள்ளையைக் கைபிடித்து இறக்கிவிட வேண்டும், பையை எடுத்துக் கொடுக்க வேண்டும், பின்னால் ஹாரன் அடிக்கும் அடுத்த வண்டியையும் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் எண்ணினால் எண்ணிக்கை 37-ல் நிற்கும். "38 வர வேண்டுமே, நான்தான் ஒன்றை விட்டுவிட்டேன் போல" என்று மனசே திருத்திக்கொள்ளும். விடை முன்பே தெரிந்தால் கணக்கு சரியாகத்தான் வரும்.

அதனால் எங்கள் பள்ளியில் இரண்டு எண்ணிக்கையையும் இரண்டு ஆளிடம் பிரித்துவிட்டோம். ஏறும்போது எண்ணுவது கண்டக்டர். பள்ளி வாசலில் இறங்கும்போது எண்ணுவது அங்கே நிற்கும் ஆசிரியர். ஏறிய எண் ஆசிரியருக்குத் தெரியக் கூடாது. கடைசிப் பிள்ளை இறங்கியதும் ஆசிரியர் தன் எண்ணை முதலில் சொல்வார், கண்டக்டர் அதற்குப் பிறகுதான் ஷீட்டைத் திருப்பிக் காட்டுவார். ஒத்துவந்தால் ஆசிரியர் கையெழுத்து. ஒத்துவராவிட்டால் வண்டி நகராது.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. எண்ணிக்கை சரியாக வந்தாலும் ஒருவர் பின்வரிசை வரை நடந்தே ஆக வேண்டும். முன்னால் நின்று எட்டிப் பார்த்தால் போதாது, ஏனென்றால் தூங்குகிற குழந்தை சீட்டில் இருக்காது. வண்டி பிரேக் போடும்போது வழுக்கிக் கீழே, இரண்டு சீட்டுக்கு நடுவே தரையில் சுருண்டு கிடக்கும். முன்னாலிருந்து பார்த்தால் சீட்டின் முதுகுதான் தெரியும். பின்னால் போகும்போது வலப்பக்கச் சீட்டுகளின் அடியில், திரும்பும்போது இடப்பக்கச் சீட்டுகளின் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். முழு நீள வண்டிக்கே ஒன்றரை நிமிடம்தான் ஆகும்.

நடந்தார் என்பதற்குச் சாட்சி வேண்டுமே? பின் கண்ணாடியில் ஒரு பலகை தொங்குகிறது. ஒரு பக்கம் "பிள்ளைகள் உள்ளே", இன்னொரு பக்கம் "வண்டி காலி". பின்னால் வரை நடந்தால்தான் அதைத் திருப்ப முடியும். பலகை திரும்பாத வண்டியின் சாவியை ஷெட்டில் வாங்க மாட்டார்கள்.

சிப்_கார்டு

இதெல்லாம் பழைய முறை. பிள்ளைகளுக்கு சிப் அட்டை கொடுத்து, ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டச் சொல்லுங்கள். இறங்காத பிள்ளையின் பெயர் தானாகவே திரையில் வரும். கேமரா ஒன்று, ஜி.பி.எஸ். ஒன்று, அவ்வளவுதான். மனிதத் தவறுக்கே இடமில்லை.

பழைய ஸ்டியரிங்

தம்பி, அட்டை நல்லதுதான், எங்களிடமும் இருக்கிறது. யார் எந்த ஸ்டாப்பில் ஏறினார்கள் என்று பெற்றோருக்குத் தகவல் போவது பெரிய உதவி. ஆனால் அது அட்டை இறங்கியதைச் சொல்லும், பிள்ளை இறங்கியதைச் சொல்லாது. தங்கையின் பை அண்ணன் தோளில் இருக்கும், பையில் அட்டை தொங்கும், அண்ணன் இரண்டையும் தட்டிவிட்டு இறங்குவான். தங்கை உள்ளே தூங்கிக்கொண்டிருப்பாள். அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வரும் பிள்ளை, கணினியைப் பொறுத்தவரை ஏறவே இல்லை. ஏறாத பிள்ளையை அது எப்படித் தேடும்?

கேமரா, நடந்து முடிந்த பிறகு பார்க்கத்தான் உதவும்.

சிப்_கார்டு

சரி, அட்டை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்ஜினை நிறுத்தியதும் அலாரம் அடிக்கும், பின்னால் போய் பட்டனை அழுத்தினால்தான் நிற்கும் என்று ஒரு கருவி இருக்கிறதே? உங்கள் பலகை செய்வதையே அது கட்டாயமாகச் செய்ய வைக்கும்.

பழைய ஸ்டியரிங்

அது உண்மையிலேயே நல்ல கருவி, வாங்க முடிந்தால் வாங்குங்கள். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, பெரிய வண்டிகளில் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் இருக்கும். அலாரத்தின் ஒயரை அந்தச் சுவிட்சுக்குப் பின்னால் இணைத்திருந்தால், டிரைவர் கட்-ஆஃப் போட்டதும் அலாரமும் செத்துவிடும். பேட்டரியிலிருந்து நேராக இணைக்கச் சொல்லுங்கள். இரண்டு, பட்டனை அழுத்த யார் போகிறார்கள்? "டேய், போய் அழுத்திட்டு வாடா" என்று கடைசியாக இறங்கும் பெரிய பையனை அனுப்புவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்று, சிலர் கடைசி ஸ்டாப்பிலேயே இன்ஜினை நிறுத்தி, பட்டனை அழுத்திவிட்டு, அப்புறம் பிள்ளைகளை இறக்குவார்கள். கருவி அதைக் கண்டுபிடிக்காது.

கைப்பிடிக் கம்பி

நான் இப்போதும் கண்டக்டராக வேலை செய்கிறேன். இங்கே எல்லோரும் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், எங்களிடம் யாரும் கேட்பதில்லை. ஒரு காலை எப்படிப் போகும் என்று சொல்கிறேன்.

முதல் ட்ரிப் பள்ளிக்கு வருவது 7.50-க்கு. இரண்டாவது ட்ரிப்பின் முதல் ஸ்டாப்பில் 8.05-க்கு நிற்க வேண்டும். அந்த ஸ்டாப்புக்கு ஓட்டமே பன்னிரண்டு நிமிடம். எனக்கு மிச்சம் மூன்று நிமிடம். 40 பிள்ளைகளை இறக்கவே அது போதாது. 8.10-க்குப் போனால் ஸ்டாப்பில் நிற்கும் பெற்றோர் போனை எடுத்து அலுவலகத்துக்குப் பேசுவார்கள், அலுவலகம் டிரைவருக்குப் பேசும், டிரைவர் என்னைப் பார்ப்பார். பின்வரிசை வரை நடக்கவில்லை என்று இதுவரை யாரும் என்னைத் திட்டியதில்லை. ஐந்து நிமிடம் தாமதம் என்று வாரம் இரண்டு தடவை திட்டு வாங்குகிறேன்.

ஒன்றரை நிமிடம்தான் என்கிறார் அண்ணன். சரிதான். அந்த ஒன்றரை நிமிடத்தை அட்டவணையில் யார் போடுவார்கள்?

கரும்பலகை

இதைப் படித்ததும் எங்கள் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். சம்பவம் நடந்த வண்டியிலும் முதல் ட்ரிப்புக்கும் இரண்டாவது ட்ரிப்புக்கும் நடுவே ஆறு நிமிடம்தான் இருக்கிறது. அன்று இரண்டாவது ட்ரிப்பை வேறு வண்டி எடுத்திருக்கிறது, இந்த வண்டியில் பிரேக் சரிபார்க்க வேண்டியிருந்ததாம். அதனால்தான் நேராக ஷெட்டுக்குப் போயிருக்கிறது. வழக்கம்போல இரண்டாவது ட்ரிப் போயிருந்தால் ஏறுகிற பிள்ளைகளே பார்த்திருப்பார்கள்.

பழைய ஸ்டியரிங்

அதுதான் எப்போதும் நடக்கும். வழக்கமான நாளில் தவறு செய்தாலும் அடுத்த வேலையில் அது தெரிந்துவிடும். வழக்கம் மாறும் நாளில்தான் மாட்டுவோம். மாற்று வண்டி, மாற்று கண்டக்டர், இரண்டு ரூட்டை ஒரே வண்டியில் சேர்த்த நாள், பரீட்சை முடிந்து பாதி நாளில் விடும் நாள், இவற்றுக்குத் தனியாக ஒரு பத்தி எழுதுங்கள். பெயர்ப்பட்டியல் வண்டியோடு போகக் கூடாது, பிள்ளைகளோடு போக வேண்டும். வண்டி மாறினால் பட்டியலும் கைமாற வேண்டும்.

கம்பி தம்பி சொன்னதும் நியாயம். எங்கள் பள்ளியில் பலகை மாட்டிய முதல் மாதம் யாரும் ஒழுங்காகத் திருப்பவில்லை. இரண்டாவது ட்ரிப்பின் நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளிப் போட்ட பிறகுதான் திருப்பினார்கள்.

ஜன்னலோரம்

நாற்பது நிமிடம் என்கிறீர்கள், மேகமூட்டம் என்கிறீர்கள், ஜன்னலும் கொஞ்சம் திறந்துதான் இருந்திருக்கும். கொஞ்சம் பெரிதுபடுத்துகிறோமோ என்றும் தோன்றுகிறது. பயம் சரி, ஆனால் உயிருக்கு ஆபத்து என்ற அளவுக்கா?

சாக்பீஸ்

முதலில் வேலையை விட்டு அனுப்பச் சொன்னீர்கள், இப்போது பெரிதுபடுத்துகிறோம் என்கிறீர்கள்!

நான் மழலை வகுப்பு ஆசிரியை. முதலுதவிப் பயிற்சியில் எங்களுக்கு இதைத் தனியாகவே சொல்லித்தந்தார்கள். மூடிய காரை வெயிலில் நிறுத்தினால் முதல் பத்து நிமிடத்திலேயே உள்ளே சுமார் 10 டிகிரி செல்சியஸ் கூடிவிடும். ஒரு மணி நேரத்தில் ஏறும் சூட்டில் பெரும்பகுதி முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிடுகிறது. ஜன்னலை இரண்டு விரல் இறக்கி வைத்தால் பெரிய வித்தியாசம் வராது. பெரியவர்களைவிடச் சிறு குழந்தையின் உடம்பு மூன்றிலிருந்து ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். பேருந்து பெரிய வண்டி, கார் அளவுக்கு வேகமாக ஏறாமல் இருக்கலாம். அதை நம்பி இருக்க முடியாது. எங்கள் கரும்பலகை நண்பரின் பள்ளியில் குழந்தை தப்பித்தது வானத்தால்.

இதில் எங்கள் பங்கும் இருக்கிறது, அதை யாரும் எழுதவில்லை. அந்தக் குழந்தை காலையில் வகுப்புக்கு வரவில்லை. ஆசிரியை "விடுப்பு" என்று போட்டிருப்பார். வீட்டுக்கு ஒரு போன் போயிருந்தால் "வண்டியில் ஏற்றிவிட்டேனே" என்று அம்மா சொல்லியிருப்பார், பத்தாவது நிமிடத்திலேயே வண்டியைத் திறந்திருக்கலாம். எங்கள் பள்ளியில் வருகைப் பதிவை மணி அடித்து பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறோம். வராத குழந்தையின் பெயரை அன்றைய வண்டிப் பட்டியலோடு அலுவலகத்தில் ஒப்பிடுகிறார்கள். வண்டியில் ஏறியது, வகுப்பில் இல்லை என்று வந்தால் முதல் போன் வீட்டுக்கு இல்லை, ஷெட்டுக்கு. அதன் பிறகுதான் வீட்டுக்கு.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். விடுப்பு என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தினமும் பன்னிரண்டு பேர் சொல்லாமல் விடுப்பு எடுத்தால், பதின்மூன்றாவது பிள்ளை வண்டியில் தூங்குவது எங்களுக்கு எப்படித் தெரியும்?

கடைசி ஸ்டாப் அம்மா

தலைப்புக்குக் கொஞ்சம் விலகித்தான் கேட்கிறேன், மன்னிக்கவும். என் மகளுக்கு எட்டு வயது. மாலையில் அவள்தான் கடைசியாக இறங்குபவள். கண்டக்டரின் வீடு எங்களுக்கு இரண்டு ஸ்டாப் முன்னால். அவர் அங்கேயே இறங்கிவிடுகிறார். கடைசி பதினைந்து நிமிடம் என் மகளும் டிரைவரும் மட்டும். டிரைவர் வயதானவர், நல்ல மனிதர், ஒரு புகாரும் இல்லை. கேட்டால் அவரைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடுமோ என்று இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டேன்.

பழைய ஸ்டியரிங்

அம்மா, நாளைக்கே கேளுங்கள். இதற்கும் சந்தேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. கடைசிப் பிள்ளை இறங்கும் வரை கண்டக்டர் வண்டியில் இருக்க வேண்டும் என்பது முதல் விதி. வண்டி பழுதானால், பிள்ளைக்கு வாந்தி வந்தால், ஸ்டாப்பில் அழைத்துப்போக ஆள் வராவிட்டால் டிரைவர் ஸ்டியரிங்கை விட்டு எழுந்து போக முடியுமா? டிரைவருக்கும் இதுதான் பாதுகாப்பு. நாளைக்கு யாராவது ஏதாவது சொன்னால் அவர் பக்கம் சாட்சி சொல்ல ஆள் இருக்கும். நான் ஓட்டிய காலத்தில் கண்டக்டர் வராத நாளில் வண்டியை எடுக்க மாட்டேன் என்று சண்டை போட்டிருக்கிறேன்.

தலைப்புக்கு விலகவும் இல்லை. கண்டக்டர் பாதியில் இறங்குகிற வண்டியில், மாலை பின்வரிசை வரை நடப்பது யார்?

கைப்பிடிக் கம்பி

பாதியில் இறங்குவது தவறுதான். ஆனால் கடைசி ஸ்டாப்பிலிருந்து அவர் வீட்டுக்கு எப்படித் திரும்புவார் என்றும் நிர்வாகத்தைக் கேளுங்கள் மேடம். வண்டி அங்கிருந்து டிரைவர் வீட்டுப் பக்கம் போய்விடும். ரூட்டைத் திருப்பிப் போட்டால் இரண்டும் சரியாகும்.

கடைசி ஸ்டாப் அம்மா

அதை யோசிக்கவே இல்லை. நன்றி தம்பி. ரூட்டைத் திருப்பச் சொல்லித்தான் எழுதப்போகிறேன்.

சாக்பீஸ்

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிக்கொடுக்கலாம். தூங்கி எழுந்து யாருமே இல்லை என்றால் முன்னால் போய் ஹாரனை விடாமல் அழுத்து என்று. நாங்கள் நிற்கும் வண்டியில் ஒவ்வொரு குழந்தையையும் உட்கார வைத்து அழுத்திப் பார்க்கச் சொல்கிறோம். சின்னக் கைக்கு ஹாரன் கடினமாக இருக்கிறது, அதனால் இரண்டு கையையும் வைத்து உடம்பால் சாயச் சொல்கிறோம்.

பழைய ஸ்டியரிங்

நல்லது டீச்சர். கட்-ஆஃப் போட்ட வண்டியில் ஹாரன் அடிக்குமா என்று ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துவிடுங்கள். பல வண்டியில் அடிக்காது.

கரும்பலகை

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

பழைய ஷீட்டுகளைப் பார்த்தோம். அந்தக் கண்டக்டரின் ஷீட்டில் ஒரு மாதமாக ஒரு திருத்தம்கூட இல்லை. ஆனால் ஏழு வண்டியில் ஐந்தின் ஷீட்டும் அப்படியேதான் இருந்தது. அதைக் காட்டிய பிறகு, இருவரையும் வேலையை விட்டு அனுப்பும் பேச்சு நின்றது. கண்டக்டர் மீண்டும் வேலைக்கு வந்துவிட்டார், டிரைவர் விஷயம் இன்னும் இழுபறியில் இருக்கிறது. "விசில் கொடுத்தால் எடுக்க வேண்டியதுதானே என் வேலை" என்று அவர் கேட்பதற்குக் குழுவில் இரண்டு கருத்து. பலகை திரும்பியதைத் தன் கண்ணால் கண்ணாடியில் பார்த்த பிறகே டிரைவர் வண்டியை நகர்த்த வேண்டும் என்று இப்போது எழுதியிருக்கிறோம். அப்போது அப்படி ஒரு விதி இல்லாதபோது அவரை எப்படிக் குற்றம் சொல்வது என்கிறார்கள் சிலர், நானும் அந்தப் பக்கம்தான்.

22 விதிகளை ஒன்பதாகக் குறைத்தோம். இரண்டாவது ட்ரிப் எட்டு நிமிடம் தள்ளிப் போயிருக்கிறது, மூன்று பெற்றோர் கோபமாக இருக்கிறார்கள்.

பலகை மாட்டி ஒரு வாரம் ஆனதும், யாருக்கும் சொல்லாமல் ஏழு வண்டியிலும் கடைசி வரிசைக்கு அடியில் ஒரு பழைய புத்தகப்பையை வைத்துச் சோதித்தோம். ஐந்து கண்டக்டர்கள் பையை எடுத்துக்கொண்டு அலுவலகம் வந்தார்கள். ஒருவர் பலகையைத் திருப்பியிருந்தார், பை அங்கேயே இருந்தது. பின்னால் வரை நடந்திருக்கிறார், குனியவில்லை. ஏழாவது வண்டியில் பலகையும் திரும்பவில்லை, பையும் எடுக்கப்படவில்லை. ஆனால் ஷெட்டில் சாவி வாங்கப்பட்டிருந்தது.

பழைய ஸ்டியரிங்

அப்படியென்றால் ஏழாவது வண்டியில் கண்டக்டரை மட்டும் கூப்பிட்டுப் பேசாதீர்கள். சாவி வாங்கியவரையும் உட்கார வையுங்கள். பையை மறுபடி வைக்கும்போது வேறு வரிசையில் வையுங்கள், கடைசி வரிசை இனி எல்லோருக்கும் தெரியும்.

கைப்பிடிக் கம்பி

பலகையைத் திருப்பிவிட்டுக் குனியாத அந்த ஆளுக்கு முட்டிவலி இருக்கிறதா என்று கேட்டீர்களா? சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் கேட்கிறேன். எங்கள் வண்டியில் ஒருவர் நீளக் குச்சியில் கண்ணாடி கட்டி வைத்திருக்கிறார்.

கரும்பலகை

கேட்கவில்லை. நாளைக் காலை கேட்கிறேன்.